ஊர் மாறாமல் கோடு மாறிய கடை: காஞ்சிபுரத்து ரசீது ஒன்றை முன்வைத்து

நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பழைய பெட்டியிலிருந்து எடுத்த பட்டுக்கடை ரசீது ஒன்றைக் கொண்டுவந்தார். தேதி எழுதிய இடத்தில் ஈரம் பட்டு மை பரவியிருந்தது. கடையின் பெயர் தெரிகிறது, முகவரி பாதி கிழிந்துவிட்டது. மேல் மூலையில் அச்சில் "போன்: 04112 - 22•••" என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப்பில் "044 - 27222•••" என்று இன்னொரு எண். கடைசி மூன்று இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றே. அவற்றை நான் இங்கே மறைத்திருக்கிறேன். கடை இன்னும் நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நடந்தால் அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம்.

நண்பரின் முடிவு இது: கடை முதலில் காஞ்சிபுரத்தில் இருந்தது, பிறகு சென்னைக்கு மாறிவிட்டது, ஆகவே புடவை சென்னையில் வாங்கியது. 044 என்றாலே சென்னை என்று படித்துப் பழகியவர்கள் யாரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்த இரண்டு எண்களையும் முழுதாகப் படித்தால் கடை ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று தெரியும்.

முதலில் அச்சில் இருக்கும் எண். தொடக்கத்திலுள்ள 0 ஊரைச் சேர்ந்தது அல்ல. உள்ளூர் இணைப்பகத்திடம் "இந்த அழைப்பு வெளியூருக்குப் போகிறது" என்று சொல்வது அது. அதனால்தான் வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது +91-க்குப் பிறகு அந்த 0 வராது. விசிட்டிங் கார்டில் +91 044 என்று அச்சடித்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 0-ஐ நீக்கினால் மிஞ்சுவது 4112. இதுதான் ஊரின் எஸ்.டி.டி. கோடு.

இந்தியாவின் எஸ்.டி.டி. கோடுகளில் முதல் இலக்கம் பெரும் பகுதியைக் காட்டும். டெல்லியும் அதைச் சுற்றிய வடமாநிலங்களும் 1, மும்பையும் குஜராத்தும் 2, கொல்கத்தா பக்கம் 3. நம் பக்கம் 4. அதிலும் 41 முதல் 46 வரை ஏறக்குறைய தமிழ்நாடு, 47 முதல் 49 வரை கேரளம். எல்லையில் கொஞ்சம் கலப்பு உண்டு. நாகர்கோவில் 4652, குழித்துறை 4651 என்று 46-இல் இருக்க, பத்தனம்திட்டையும் 468 என்று அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஹைதராபாத் 40 என்பதும் இந்த வரிசையில்தான். ஆகவே 4 என்பதைத் தெற்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து மாநிலத்தைச் சொல்லிவிடக் கூடாது.

41 என்று தொடங்குபவை தமிழ்நாட்டின் வடகிழக்கு. புதுச்சேரி 413, வேலூர் 416, கடலூர் 4142, விழுப்புரம் 4146. சென்னையைச் சுற்றிய ஊர்களுக்கு அந்நாளில் 411 என்று தொடங்கும் கோடுகள் இருந்தன. காஞ்சிபுரம் 4112, செங்கல்பட்டு 4114, திருவள்ளூர் 4116. சென்னை மட்டும் 44 என்று தனியே நின்றது. ஆக, அச்சில் இருந்த எண் காஞ்சிபுரத்தின் எண். அதில் ஐயம் இல்லை.

இங்கே "காஞ்சிபுரத்தின் எண்" என்று சொல்வது எவ்வளவு நிலத்தைக் குறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடு கொடுக்கப்பட்டது ஊருக்கோ மாவட்டத்துக்கோ அல்ல, கட்டணப் பகுதிக்கு. தொலைபேசித் துறை நாட்டை 2,600-க்கும் மேற்பட்ட சிறு கட்டணப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தது. எஸ்.டி.சி.ஏ. என்று துறைக்காரர்கள் சொல்வது அதைத்தான். பெரும்பாலும் ஒரு தாலுகா அளவுக்கு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மையம் உண்டு. இரண்டு மையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்துத்தான் வெளியூர் அழைப்பின் கட்டணம் கணக்கிடப்பட்டது. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்தது நாம் அழுத்திய கோடுதான். அதாவது கோடு என்பது முதலில் ஒரு விலைப் பட்டியல். அது இடத்தைக் காட்டுவது அந்தக் கணக்கின் துணை விளைவு. ஆகவே 4112 என்று கண்டால் காஞ்சி நகரம் என்றும் இருக்கலாம், அதைச் சேர்ந்த கிராமம் என்றும் இருக்கலாம்.

அடுத்து, கோட்டுக்குப் பின்னால் ஐந்தே இலக்கங்கள் இருப்பதைக் கவனியுங்கள். கோடு நான்கு, எண் ஐந்து, ஆக ஒன்பது. இன்று இந்தியாவில் எந்த லேண்ட்லைன் எண்ணையும் 0 இல்லாமல் கோட்டோடு சேர்த்து எண்ணினால் பத்து வரும். சென்னைக்கு இரண்டும் எட்டும், கோவைக்கு மூன்றும் ஏழும், தஞ்சாவூருக்கு நான்கும் ஆறும். கோடு நீண்டால் எண் குறுகும். இந்தச் சீர்மை 2000-களின் தொடக்கத்தில்தான் நாடு முழுவதும் வந்தது. தனியார் நிறுவனங்களும் லேண்ட்லைன் கொடுக்கத் தொடங்கியபோது, அரசு இணைப்புகளின் எண்களுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டது. தியாகராய நகரில் 434 என்று தொடங்கிய ஏழிலக்க எண்கள் 2434 என்று எட்டிலக்கமானது அப்போதுதான். ஆகவே கூட்டினால் பத்துக்குக் குறையும் எந்த எண்ணும் அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைக்கும் கடைப் பலகைக்கும் காலம் சொல்ல இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இனி ஊதா ஸ்டாம்ப்பு. சென்னைத் தொலைபேசி வட்டம் விரிந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கங்கள் 044-க்குள் வந்தபோது துறைக்கு ஒரு சிக்கல் இருந்தது. காஞ்சிபுரத்தில் ஓர் ஐந்திலக்க எண் இருக்கிறது, அதே ஐந்திலக்கம் செங்கல்பட்டிலும் ஒருவரிடம் இருக்கலாம். கோடு வேறு வேறாக இருந்தவரை இரண்டும் மோதவில்லை. ஒரே கோட்டின் கீழ் வந்தால் மோதும். ஒவ்வொரு பழைய பகுதிக்கும் ஓர் அடையாளம் எண்ணுக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

அதை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காஞ்சிபுரத்து எண்கள் இன்று 272 என்று தொடங்குகின்றன. மாமல்லபுரமும் செங்கல்பட்டும் 274. திருவள்ளூர் 276. பழைய கோடுகளை இவற்றின் பக்கத்தில் வைத்தால் கதை விளங்கிவிடும். காஞ்சிபுரத்தின் பழைய கோடு 4112, இன்றைய எண் தொடங்குவது 272. செங்கல்பட்டு 4114, இன்று 274. திருவள்ளூர் 4116, இன்று 276. பழைய கோட்டின் கடைசி இலக்கம் எண்ணின் மூன்றாம் இலக்கமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அரசு இணைப்பைக் குறிக்கும் 2, புறநகர்ப் பகுதிகளுக்கென்று வைத்த 7, பழைய பகுதியைக் குறிக்கும் 2. அதன் பின்னால் பழைய ஐந்து இலக்கங்கள் அப்படியே. நம் ரசீதில் 22••• என்பது 272 சேர்ந்து 27222••• ஆகியிருக்கிறது. இலக்கம் பிசகாமல் பொருந்துகிறது.

ஆகவே ஸ்டாம்ப்பு எண்ணும் காஞ்சிபுரத்து எண்தான். அதே கம்பி, அதே இணைப்பகம், அநேகமாக மேசை மேல் அதே போன். கடைக்காரர் பழைய ரசீதுப் புத்தகங்களை வீணாக்க மனமில்லாமல் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கீழே குத்தியிருக்கிறார். காஞ்சியில் வியாபாரம் செய்தவர் என்பதற்கு அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

காலத்தையும் இங்கிருந்து சொல்ல முடியும், ஓரளவுக்கு. அச்சு ஒன்பதிலக்க காலத்தைச் சேர்ந்தது. ஆனால் ரசீதுப் புத்தகம் அச்சான காலம் வேறு, புடவை விற்ற காலம் வேறு. ஸ்டாம்ப்பு குத்திய தாளில் விற்பனை நடந்திருப்பதால் அது 044-க்கு மாறிய பிறகு, பழைய புத்தகம் தீர்ந்துபோகும் முன்பு. ஆகவே 2000-களின் முதல் சில ஆண்டுகள். இதற்கு மேல் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்ல எண்களால் முடியாது. பழைய தாளை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஓட்டும் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நண்பருக்கு ஆண்டு கிடைக்காததில் வருத்தம்தான். ஆனால் அவர் பாட்டி காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்த புடவை என்று வீட்டில் சொல்லிவந்ததை இனி யாரும் மறுக்க முடியாது என்பதில் மகிழ்ச்சி.

இந்த வழக்கு இவ்வளவு சுத்தமாக அவிழ்ந்ததற்குக் காரணம் அது அரசு நிறுவனத்தின் செம்புக் கம்பி இணைப்பு என்பது. அந்தக் காலத்து இணைப்பகம் நாம் சுழற்றிய இலக்கங்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்பம் திருப்பி, கடைசியில் ஒரு வீட்டின் கம்பியில் போய் நிற்கும். எண் என்பது வழி சொல்லும் குறிப்பு. அதனால் முன்னிலக்கங்கள் ஊரையும், நடு இலக்கங்கள் இணைப்பகத்தையும் விடாமல் காட்டின. காஞ்சியைச் சுற்றியே பார்த்தாலும் நகரம் 2722, வாலாஜாபாத் 2725, உத்திரமேரூர் 2727, ஸ்ரீபெரும்புதூர் 2716 என்று இணைப்பகம் இணைப்பகமாகப் பிரிந்து நிற்கும். ஊரறிந்த ஒருவர் முதல் நான்கு இலக்கத்தைக் கேட்டே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரைப் பாருங்கள். அங்கே எண்கள் 2478 என்று தொடங்குகின்றன. 27 அல்ல. காஞ்சி மாவட்டம் என்றால் 27 என்று பாடம் போட்டு வைத்தவருக்கு இது இடறும். குன்றத்தூரின் எண் சென்னை நகர வரிசையைச் சேர்ந்தது. மாவட்ட எல்லையை வருவாய்த் துறை வரைகிறது, எண்ணின் எல்லையைக் கம்பி போன வழி வரைகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டமானது. அதனால் அங்கே ஒரு போன் எண்ணும் மாறவில்லை. தென்காசியும் அப்படியே. மாவட்டமாவதற்கு முன்பும் 4633, பின்பும் 4633.

மாவட்டம் போகட்டும், மாநில எல்லையையே கோடு மதிப்பதில்லை. இதற்குப் புதுச்சேரியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. யூனியன் பிரதேசம் ஒன்று, ஆனால் கோடுகள் நான்கு. புதுச்சேரி 413, காரைக்கால் 4368, மாஹே 490, ஏனாம் 884. மாஹேயின் 490 பக்கத்திலுள்ள தலச்சேரியின் கோடு. ஏனாமின் 884 காக்கிநாடாவின் கோடு. சுற்றியுள்ள நிலத்தோடு கம்பி இணைந்தது, ஆட்சியோடு அல்ல. மறுபுறம், ஆரோவில் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் எண்களோ 0413. ஆகவே 0413 என்ற எண்ணை வைத்து "இது புதுச்சேரி நிறுவனம், அந்த அரசின் சட்டம் செல்லும்" என்று எழுதிவிட்டால் தவறாகப் போக வாய்ப்புண்டு. முகவரியைப் பார்த்தே ஆக வேண்டும்.

கோட்டின் நீளத்தை ஊரின் தகுதியாகப் படிப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெரிய ஊருக்குச் சிறிய கோடு என்பது பொதுவாகச் சரி. சென்னைக்கு இரண்டு, மதுரைக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் மூன்று. கோவையைச் சுற்றிய உடுமலை 4252, மேட்டுப்பாளையம் 4254, பொள்ளாச்சி 4259 என்று நான்கு. ஆனால் கும்பகோணத்தின் கோடு 435, தஞ்சாவூரின் கோடு 4362. மாவட்டத் தலைநகருக்கு நான்கு, அதன் கீழுள்ள ஊருக்கு மூன்று. கோட்டின் நீளம் சொல்வது ஒன்றே ஒன்று: அந்தக் கோட்டின் கீழ் எத்தனை எண்களுக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்பது. மூன்றிலக்கக் கோடு என்றால் ஏழிலக்க எண், நான்கிலக்கக் கோடு என்றால் ஆறிலக்க எண். கலெக்டர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது.

பழைய பலகைகளில் இன்னொரு பொறி உண்டு. 2000-களில் சில ஆண்டுகள், பக்கத்துப் பகுதிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பேச 0-க்குப் பதில் 95 அழுத்தும் முறை இருந்தது. அதை எண்ணோடு சேர்த்தே பலர் எழுதிவைத்தார்கள். 95422 என்று தொடங்கும் எண்ணைக் கண்டு, பழைய செல்போன் எண் என்று எண்ணிவிடுவது எளிது. மொத்த இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். செல்போன் என்றால் பத்து. 95-ஐயும் சேர்த்துப் பன்னிரண்டு வந்தால், 95-ஐ வெட்டிவிட்டு மிச்சத்தைக் கோவையின் 422 என்று படியுங்கள்.

மேலே சொன்ன நான்கிலக்க வாசிப்பு எல்லாமே கோட்டுக்குப் பின் 2 வரும் எண்களுக்குத்தான். தனியார் வந்தபோது அந்த முதல் இலக்கம் நிறுவனத்தைக் காட்டும் இடமாயிற்று. பி.எஸ்.என்.எல்.லுக்கு 2, ரிலையன்ஸுக்கு 3, ஏர்டெல்லுக்கு 4, டாடாவுக்கு 6. 044-4 என்று தொடங்கும் எண் சென்னைக் கட்டணப் பகுதியில் ஏர்டெல் கொடுத்தது என்று சொல்லலாம். மயிலாப்பூரா, மறைமலை நகரா என்று அதன் அடுத்த இலக்கங்களிலிருந்து இழுத்து எடுக்க முடியாது. அவர்களுடைய சுவிட்ச் ஓரிடத்தில் இருந்துகொண்டு நகரம் முழுவதற்கும் எண் கொடுக்கும். எண்ணுக்கும் தெருவுக்கும் இருந்த கட்டு அங்கேயே அவிழ்ந்துவிட்டது.

இப்போது அது இன்னும் தளர்ந்திருக்கிறது. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று கேட்டு 080 எண்ணிலிருந்து வரும் அழைப்புகள் பெங்களூரிலிருந்துதான் வருகின்றன என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் பெங்களூர்க் கணக்கில் வழங்கப்பட்டது, அவ்வளவே. இணையம் வழியாக அழைப்பைக் கையாளும் நிறுவனங்கள் இப்படிப்பட்ட எண்களைக் கட்டுக்கட்டாக வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. பேசுகிறவர் மதுரையில் உட்கார்ந்திருக்கலாம். போலியான எண்ணைத் திரையில் காட்டி வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பும் உண்டு. அதைத் தடுக்க 2024-இல் மத்திய அரசு தனி ஏற்பாடே செய்ய வேண்டியிருந்தது. ஆக, உள்ளே வரும் அழைப்பின் எண்ணுக்கும் ரசீதில் அச்சான எண்ணுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கக் கூடாது. அச்சான எண் "என்னை இங்கே கூப்பிடு" என்று கடைக்காரர் தாமே எழுதிக் கொடுத்தது. திரையில் தெரியும் எண் அழைப்பவர் காட்ட விரும்பியது.

என்றாலும் செல்போன் திரையில் 0 இல்லாமல், இடைவெளி இல்லாமல் +9180 என்று தொடங்கும் எண் வந்தால், அது லேண்ட்லைனா செல்போனா என்பதையாவது கண்டுகொள்ளலாம். 80 என்று தொடங்கும் செல்போன் எண்களும் ஏராளம் என்பதால் முதல் இரண்டு இலக்கம் போதாது. மூன்றாவதைப் பாருங்கள். 802, 803, 804, 806 என்றால் பெங்களூர் லேண்ட்லைன் வரிசை. 805, 808 என்றால் செல்போன். 807 என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் தம்மைப் பெங்களூரில் ஒரு தெருவில் கடை வைத்திருப்பவர் என்று சொல்லி 80-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்தால், அதை 080 என்று பிரித்து எழுதிவிடும் முன் அந்த மூன்றாம் இலக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.